பெயர் எத்தனை டீ விற்றுத் தரும்?

‘முதலீடு 5 லட்சம் முதல். மாதம் 60 ஆயிரம் வரை வருமானம். பயிற்சியும் பொருளும் நாங்கள் தருகிறோம்.’ இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்க்காதவர் இன்று குறைவு. சின்ன ஊர்களின் பேருந்து நிலையச் சுவர்களில்கூட டீக்கடை, பிரியாணிக் கடை, ஜூஸ் கடை ஃபிரான்சைஸ் அழைப்புகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. வேலையை விட்டவர், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர், ஓய்வுபெற்ற கையோடு பி.எஃப். பணத்தை வைத்துக்கொண்டு யோசிப்பவர் எல்லோருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான். பேர் போன கம்பெனியின் பலகையை மாட்டிக்கொள்வதா, சொந்தப் பெயரில் கடை போடுவதா?

பொதுவாகப் பேசினால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. மருந்துக் கடைக்குச் சரியான பதில் டீக்கடைக்குத் தவறாகிவிடும். ஆகவே டீக்கடையையே எடுத்துக்கொள்வோம். முதல்முறை தொழிலுக்கு வருபவர்கள் அதிகம் இறங்கும் தொழில் அது. ஃபிரான்சைஸ் கம்பெனிகள் அதிகமாக வலை வீசுவதும் அங்கேதான்.

ஈரோடு அளவிலான ஓர் ஊரில், அலுவலகங்களும் பட்டறைகளும் கலந்த தெருவில் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். தொழில் தொடங்குபவரிடம் சொந்தப் பணம் 5 லட்சம் இருக்கிறது. முத்ரா திட்டத்தின் ‘கிஷோர்’ பிரிவில் சொத்து ஈடு இல்லாமல் 5 லட்சம் வரை வங்கிக் கடன் கேட்கலாம். அவர் 3 லட்சம் வாங்குகிறார். ஆக, கையில் 8 லட்சம். கீழே வரும் தொகைகள் இந்தக் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊரின் வாடகையையும் கூலியையும் அவற்றின் இடத்தில் போட்டுப் பாருங்கள். தொகை மாறும், போடும் முறை மாறாது.

சொந்தக் கடையை முதலில் பார்ப்போம். மாத வாடகை 15,000. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நம் ஊர் வழக்கம் என்பதால் அதற்கு ஒன்றரை லட்சம். பாய்லர், அடுப்பு, ஸ்டீல் மேடை, ஃபிரிட்ஜ், பெஞ்சு, கண்ணாடி டம்ளர் எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம். இந்தச் சாமான்களில் பாதியைப் பழைய சாமான் சந்தையில் வாங்கினால் இன்னும் குறையும். வயரிங், பெயிண்ட், பெயர்ப்பலகைக்கு 75 ஆயிரம். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு, மாநகராட்சி உரிமம், முதல் சரக்கு எல்லாவற்றுக்கும் 50 ஆயிரம். மொத்தம் 5.25 லட்சம். கையில் 2.75 லட்சம் மிச்சம்.

இனி ஃபிரான்சைஸ். கம்பெனி கேட்கும் நுழைவுக் கட்டணம் 3 லட்சம் என்று கொள்வோம். அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 54 ஆயிரம். கடையின் உள்ளலங்காரமும் கருவிகளும் கம்பெனி சொல்லும் ஆளிடம், கம்பெனி சொல்லும் விலையில்: 4 லட்சம். அட்வான்ஸ் அதே ஒன்றரை லட்சம், சரக்குக்கு அதே 50 ஆயிரம். மொத்தம் 9.54 லட்சம். கையிலிருக்கும் 8 லட்சம் போதவில்லை. இன்னும் ஒன்றரை லட்சம் கடன் வாங்க வேண்டும். வாங்கினாலும் கடை திறக்கும் நாளில் கையிருப்பு ஏதும் இருக்காது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். புதுக் கடை எதுவாக இருந்தாலும், தெருவில் இருப்பவர்களின் கால் அந்தப் பக்கம் திரும்பச் சில மாதங்கள் ஆகும். அதுவரை வாடகையும் கூலியும் கைப்பணத்திலிருந்து போகும். முதல் கடைக்காரர்கள் பலர் விழுவது இந்தக் காலத்தில்தான். டீ நன்றாக இருக்கும், இடமும் சரியாக இருக்கும், வாடிக்கையும் ஏறத் தொடங்கியிருக்கும். ஆனால் நான்காம் மாத வாடகைக்குப் பணம் இருக்காது. விளம்பரத்தில் ‘முதலீடு’ என்று போடும் தொகை கடையைத் திறக்கும் வரைக்குமானது. திறந்த பிறகு தாக்குப்பிடிக்கத் தேவைப்படும் தொகை அதில் இருப்பதில்லை. குறைந்த முதலுடன் வருபவருக்குப் பலகையைவிடக் கையிருப்புதான் பெரிய பாதுகாப்பு என்பது என் உறுதியான கருத்து.

கடை ஓடத் தொடங்கிவிட்டது. ஒரு டீ 15 ரூபாய். பாலுக்கு 4 ரூபாய், டீத்தூளுக்கு 1 ரூபாய், சர்க்கரைக்கு 60 காசு, எரிவாயுவுக்கு 90 காசு. அடக்கம் ஆறரை ரூபாய், நிற்பது எட்டரை ரூபாய். ஒரு நாளைக்கு 260 டீ போகிறது. வடை, சமோசா, பிஸ்கட் 1,500 ரூபாய்க்கு விற்கிறது, அதில் 30 சதவீதம் நிற்கிறது. இரண்டும் சேர்ந்து நாளைக்கு 2,660 ரூபாய், மாதத்துக்கு 79,800. வாடகை 15,000, டீ மாஸ்டருக்கு 24,000, உதவியாளுக்கு 13,000, மின்சாரமும் சில்லறைச் செலவும் 7,000 என 59,000 போக, மீதி 20,800. உரிமையாளர் கல்லாவில் உட்காரும் கூலியும் இதற்குள்தான். 3 லட்சம் கடனுக்கு ஐந்து வருடத் தவணை மாதம் ஆறாயிரத்து ஐந்நூறை ஒட்டி வரும். அதுவும் போனால் வீட்டுக்கு 14 ஆயிரம் சொச்சம். விளம்பரத்தின் 60 ஆயிரம் எங்கே, இது எங்கே! ஆனாலும் கடை நிற்கிறது.

அதே தெரு, அதே 260 டீ. பலகை மட்டும் கம்பெனியுடையது. விற்பனையில் 5 சதவீதம் ராயல்டி. மாத விற்பனை 1,62,000 என்பதால் ராயல்டி 8,100. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 9,558. டீத்தூளையும் மசாலாக் கலவையையும் கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும். சந்தை விலையைவிடக் கூடுதலாக ஒரு டீக்கு ஒரு ரூபாய் ஆகிறது என்று கொள்வோம், அது மாதம் 7,800. ஒப்பந்தம் மூன்று வருடம் என்றால், கட்டிய 3.54 லட்சத்தை 36 மாதத்தில் திரும்ப எடுக்க வேண்டும். மாதம் 9,833. மூன்றையும் கூட்டினால் 27 ஆயிரத்துக்கு மேல். சொந்தக் கடையில் நின்றதே 20,800 என்பதால், இங்கே மாதம் ஆறாயிரத்துக்கு மேல் கைநட்டம்.

அப்படியானால் ஃபிரான்சைஸ் ஏமாற்றா? இல்லை. கம்பெனி தன் பெயருக்கு ஒரு விலை வைக்கிறது. அந்த விலைக்கு ஈடாக அந்தப் பெயர் கூடுதலாக எத்தனை டீ விற்றுத் தரும் என்பதே கேள்வி. ராயல்டியும் தூள் விலையும் போக, ஃபிரான்சைஸ் கடையில் ஒரு டீக்கு நிற்பது சுமார் 6 ரூபாய் 60 காசு. அந்த 27 ஆயிரத்தை ஈடுகட்ட நாளொன்றுக்கு இன்னும் 137 டீ விற்க வேண்டும். சொந்தப் பெயரில் 260 டீ போகும் அதே இடத்தில், கம்பெனிப் பெயரில் 400 டீ போக வேண்டும். அப்போதுதான் இரண்டும் சமம். 400 டீக்கு மேல் போகும் ஒவ்வொரு டீயும்தான் பலகையால் கிடைத்த லாபம்.

இதில் இன்னொரு வரியும் ஒளிந்திருக்கிறது. சேவைத் தொழிலில் ஆண்டு விற்பனை 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். நம் சொந்தக் கடை அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. 400 டீ விற்கும் கடையின் விற்பனை 27 லட்சம். ஆகவே விற்பனையில் 5 சதவீத வரியும் வந்து சேரும். உணவகங்களுக்கான அந்த 5 சதவீத முறையில், தான் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வழியில்லை. கம்பெனிக்குக் கட்டும் கட்டணத்தின் மேலும் ராயல்டியின் மேலும் போட்ட 18 சதவீதம் முழுக்க நம் தலையில்தான் விழும். ‘ஜிஎஸ்டி தானே, திரும்ப எடுத்துக்கலாம் சார்’ என்று யாராவது சொன்னால், டீக்கடைக்கு அது பொருந்தாது என்று சொல்லிவிடுங்கள்.

பெயர் கூடுதலாக 140 டீ விற்றுத் தருமா என்பது, அந்தக் கடைக்கு வருபவர் யார் என்பதைப் பொறுத்தது. பேருந்து நிலையம், நெடுஞ்சாலை ஓரம், பெரிய மருத்துவமனை வாசல், மால் ஆகிய இடங்களுக்கு வருபவர் வெளியூர்க்காரர். இன்று வந்தவர் நாளை வரமாட்டார். எந்தக் கடை டீ நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்த பலகையைப் பார்த்ததும் நுழைந்துவிடுவார். அங்கே பெயர் வேலை செய்கிறது, டீ விலையைக் கூட்டி வைக்கவும் முடிகிறது. தெருமுனைக் கடைக்கு வருபவர் கதையே வேறு. பக்கத்துப் பட்டறைக்காரரும் எதிர் வங்கியின் ஊழியரும் ஒரு வாரம் பலகையைப் பார்ப்பார்கள். எட்டாம் நாளிலிருந்து அவர்களுடைய நாக்குதான் முடிவு செய்யும். ஒரு நாளைக்கு மூன்று முறை வரும் அந்த ஆள், சர்க்கரை குறைவாக, ஸ்ட்ராங்காகத் தன் டீ எப்போதும் ஒரே மாதிரி வருகிறதா என்றுதான் பார்க்கிறார். ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப வரும் கடைக்குப் பெயருக்காகக் கட்டும் ராயல்டி பெரும்பாலும் வீண் செலவு.

சுவைத்துப் பார்த்துத் தரம் அறிய முடியாத தொழில்களில் நிலைமை தலைகீழ். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வந்த முடிவு சரியா என்று நமக்கு எப்படித் தெரியும்? கூரியரில் கொடுத்த பார்சல் போய்ச் சேருமா? அங்கெல்லாம் வாடிக்கையாளர் நம்புவது பலகையை மட்டும்தான். பின்னால் இருக்கும் பெரிய ஆய்வகமோ போக்குவரத்து வலையோ தனி ஆளால் கட்ட முடியாதது. குறைந்த முதலுடன் அத்தகைய தொழிலில் இறங்குபவருக்கு ஃபிரான்சைஸே சரியான வழி.

கம்பெனி தன் பணத்தை எங்கே சம்பாதிக்கிறது என்றும் பார்க்க வேண்டும். அமுல் பார்லர் நல்ல எடுத்துக்காட்டு. ராயல்டியோ லாபப் பங்கோ அமுல் கேட்பதில்லை. பொருள் விற்பதில் கமிஷன் தருகிறது. பாக்கெட் பாலுக்கு இரண்டரை சதவீதம், மற்ற பால் பொருள்களுக்குப் பத்து, ஐஸ்கிரீமுக்கு இருபது சதவீதம் என்று அந்த நிறுவனம் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. பால் மட்டும் விற்றால் வாடகைகூடக் கட்டாது, ஐஸ்கிரீம் ஓடும் இடமாக இருக்க வேண்டும் என்பது அந்தச் சதவீதங்களிலேயே தெரிந்துவிடுகிறது. நீங்கள் விற்றால்தான் அமுலுக்கும் விற்பனை. உங்கள் கடை மூடினால் அதற்கும் நட்டம்.

நுழைவுக் கட்டணத்திலும் உள்ளலங்காரத்திலும் சம்பாதிக்கும் கம்பெனி வேறு வகை. மூன்று லட்சம் கட்டணம், நான்கு லட்சம் அலங்காரம் என்று கடை திறக்கும் முன்பே அதற்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிடுகிறது. உங்கள் கடை ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதன் வருமானம் அடுத்த கடையைத் திறப்பதில் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. அந்தக் கம்பெனி தன் சொந்தப் பணத்தில் எத்தனை கடை நடத்துகிறது, அவை எத்தனை வருடமாக ஓடுகின்றன என்று கேளுங்கள். சொந்தக் கடை ஒன்றுகூட நடத்தாமல் இரண்டு வருடத்தில் இருநூறு கிளைகளைத் தந்திருந்தால், அது விற்பது டீ இல்லை, பலகை.

இதன் இன்னொரு வடிவம் இன்னும் ஆபத்தானது. ‘நீங்கள் பணம் மட்டும் போடுங்கள், கடையை நாங்களே நடத்துகிறோம், மாதம் இத்தனை ஆயிரம் உறுதி’ என்பார்கள். தொழில் வட்டாரத்தில் இதை ஃபோகோ என்கிறார்கள். கடை உங்களுடையது, நடத்துவது கம்பெனி என்ற ஏற்பாடு. ஒழுங்காக நடத்தும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் விற்பனை எப்படி இருந்தாலும் மாதாமாதம் ஒரே தொகை என்று உறுதி தந்தால், நீங்கள் கடை நடத்தவில்லை, அந்தக் கம்பெனிக்கு ஈடில்லாமல் கடன் கொடுத்திருக்கிறீர்கள். முதல் சில மாதத் தொகை அடுத்து வருபவரின் கட்டணத்திலிருந்தே வரக்கூடும். புதிய ஆட்கள் வருவது நின்றதும் அதுவும் நின்றுவிடும். அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். அமெரிக்காவில் 1979 முதல் இதற்கென மத்திய விதி இருக்கிறது. பணம் வாங்குவதற்குக் குறைந்தது 14 நாள் முன்பே கம்பெனி ஒரு விரிவான ஆவணத்தைத் தர வேண்டும். நடக்கும் வழக்குகள், எல்லாக் கட்டணங்கள், மூடப்பட்ட கிளைகளின் எண்ணிக்கை, விலகிப்போனவர்களைத் தொடர்புகொள்ளும் விவரம் வரை அதில் இருக்கும். இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் வணிகச் சின்னச் சட்டமும்தான் துணை. எத்தனை கிளை மூடினோம் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இங்கே எந்தக் கம்பெனிக்கும் இல்லை. அமெரிக்காவில் சட்டம் வாங்கித் தருவதை இங்கே நாமே அலைந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

அலைவது எப்படி? கம்பெனி காட்டும் கடையை விடுங்கள். அது எப்போதும் நன்றாக ஓடும் கடையாகவே இருக்கும். அதன் கிளைகளில் இரண்டு வருடம் தாண்டியவற்றில், உங்கள் தெருவைப் போன்ற தெருவில் இருக்கும் இரண்டைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வேலை நாள், ஒரு ஞாயிறு. காலை ஏழு முதல் ஒன்பதரை வரை, மாலை நான்கு முதல் ஏழரை வரை எதிரே நின்று போகும் டம்ளர்களை எண்ணுங்கள். நாள் விற்பனையின் பெரும்பகுதி அந்த நேரங்களில்தான். அதே தெருவில் இருக்கும் சாதாரண டீக்கடையிலும் எண்ணுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தப் பெயரின் உண்மையான மதிப்பு. நம் கணக்கில் அது 140 டீயாவது இருக்க வேண்டும்.

பிறகு அந்தக் கிளை உரிமையாளரிடம் கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் பேசுங்கள். லாபம் எவ்வளவு என்று நேராகக் கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். ‘மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பதாக இருந்தால் இதே கம்பெனியிடம் போவீர்களா, அண்ணா?’ என்று கேட்டுப் பாருங்கள். தூள் நேரத்துக்கு வருகிறதா, கேட்ட விலை இடையில் எத்தனை முறை ஏறியது, கம்பெனி ஆள் கடைசியாக எப்போது கடைக்கு வந்தார் என்று கேளுங்கள். பழைய கிளைகளின் முகவரிப் பட்டியலை எடுத்துக்கொண்டு, அவற்றில் எத்தனை இன்னும் திறந்திருக்கின்றன என்று நேரில் போய்ப் பார்ப்பது இன்னும் நல்லது. மூடிய கடையின் பக்கத்துக் கடைக்காரருக்கு எல்லாம் தெரியும்.

பெயர் உண்மையில் அந்தக் கம்பெனியுடையதா என்பதையும் பார்க்க வேண்டும். வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். உணவகச் சேவைக்கு 43ஆம் வகுப்பு, டீத்தூளுக்கு 30ஆம் வகுப்பு. விண்ணப்பம் போட்டிருப்பது வேறு, பதிவாகியிருப்பது வேறு. பெயரை ஒட்டி TM என்று யாரும் போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் R போட, பதிவு முடிந்திருக்க வேண்டும். பதிவு இல்லாத பெயருக்கு மூன்று லட்சம் கொடுத்துவிட்டு, அடுத்த தெருவில் யாரோ அதே பெயரை எழுதி வைப்பதைத் தடுக்க முடியாமல் தவிக்கக் கூடாது.

ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடுவது நான்கு இடங்களை. உங்கள் கடையிலிருந்து எத்தனை கிலோமீட்டருக்குள் இன்னொரு கிளை வராது என்று எழுதியிருக்கிறதா என்பது ஒன்று. வாய்வார்த்தையாகச் சொன்ன ‘ஏரியா உங்களுடையது’ செல்லாது. காலம் முடிந்து புதுப்பிக்கும்போது மறுபடி முழுக் கட்டணமா என்பது இரண்டாவது. நாம் போட்ட கணக்கில் மூன்று வருடத்தில் திரும்ப எடுத்த பணத்தை நான்காம் வருடம் மீண்டும் கட்ட நேர்ந்தால் எல்லாம் வீண். மூன்றாவது, கட்டாயமாக வாங்க வேண்டிய பொருள்களின் விலையை யார், எப்படி ஏற்றலாம் என்பது. ராயல்டியே இல்லை என்று பெருமையாகச் சொல்லும் கம்பெனிகள் பல, தூள் விலையில் அதைச் சேர்த்தே எடுத்துக்கொள்கின்றன. நான்காவது, விலகுவது எப்படி என்பது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது வேறு பெயரில் அதே தொழில் செய்யக் கூடாது என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் குஜராத் பாட்லிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் அதே தொழிலைத் தடுப்பது ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின் முன் நிற்பது கடினம். ஆனாலும் வழக்காடும் இடம் டெல்லி என்று எழுதியிருந்தால், ஈரோட்டில் டீ விற்பவர் அங்கே போய் அதை நிரூபிக்க முடியுமா?

வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும். கம்பெனி போனாலும் இடம் உங்களிடம் நிற்கும். உணவுப் பாதுகாப்பு உரிமமும் உங்கள் பெயரில்தான் எடுப்பீர்கள். ஆகவே கம்பெனி அனுப்பிய தூளில் சாயம் இருந்து மாதிரி தவறினாலும், முதலில் நோட்டீஸ் வருவது உங்களுக்குத்தான். ஒவ்வொரு சரக்குக்கும் பில்லைக் கேட்டு வாங்கி வைத்திருங்கள்.

சொந்தக் கடைக்காரர் பக்கமும் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அதை மறைத்தால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. தனிக் கடையின் ருசி டீ மாஸ்டரின் கையில் இருக்கிறது. நாளைக்கு நூறு ரூபாய் கூடக் கிடைத்தால் அவர் எதிர்க் கடைக்குப் போய்விடுவார், ருசியும் கூடவே போய்விடும். ஃபிரான்சைஸ் கம்பெனிகள் உண்மையாகத் தீர்க்கும் பிரச்சினை இதுதான். அளந்து கலந்த தூள், எழுதி வைத்த செய்முறை, யார் நின்றாலும் ஏறத்தாழ ஒரே டீ. இதற்குக் கொடுக்கும் பணம் வீணில்லை.

ஆனால் இதைச் சொந்தமாகவும் செய்துகொள்ளலாம். கடை போடும் முன் ஒரு மாதமாவது ஓடும் டீக்கடை ஒன்றில் சம்பளத்துக்கு நில்லுங்கள். பால் எந்த அளவு காய்ந்ததும் தண்ணீர் சேர்க்கிறார்கள், டிக்காஷன் எத்தனை நேரத்தில் கசக்கத் தொடங்குகிறது, அடுப்பிலேயே கிடந்த பால் கெட்டியாகும்போது டீயின் நிறம் எப்படி மாறுகிறது என்று கண்ணால் பார்த்துக் கையால் செய்ய வேண்டும். குன்னூர்ப் பக்கத்து டஸ்ட் டீ இரண்டு மூன்று ரகங்களை வாங்கி, எந்தக் கலவை உங்கள் தெருவின் தண்ணீருக்கும் பாலுக்கும் பொருந்துகிறது என்று சோதித்துப் பார்த்துவிட்டு, அளவைக் கிராமில் எழுதி வையுங்கள். ஒரு சின்ன எடைத் தராசும் அளவுக் கரண்டியும் ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். மாஸ்டர் வராத நாளில் நீங்களே அடுப்படியில் நிற்க முடிந்தால் கடை மூடாது. நீங்களே முழு நேரமும் நின்றால் மாதம் 24,000 கூலி வீட்டுக்கு வருகிறது. நாம் போட்ட கணக்கில் எந்த பிராண்டும் தர முடியாத பெரிய தொகை அதுதான்.

ஆகவே என் தீர்ப்பு இது. கையில் பத்து லட்சத்துக்குள் வைத்துக்கொண்டு, தினம் ஒரே முகங்கள் வரும் தெருவில் முதல் டீக்கடை போடுபவர் சொந்தப் பெயரிலேயே போட வேண்டும். பேருந்து நிலையத்திலோ மருத்துவமனை வாசலிலோ இடம் கிடைத்து, எதிரே நின்று எண்ணிய டம்ளர் கணக்கும் ஒத்துவந்து, எல்லாம் கட்டிய பிறகும் நான்கு மாத வாடகையும் கூலியும் கையில் நிற்குமானால், ஃபிரான்சைஸ் எடுப்பதில் தவறில்லை. தமிழக அரசின் வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான தொழில் கடன் திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்துவிட்டுப் பிறகு கடன் தொகையை முடிவு செய்யுங்கள்.

‘இந்த ஏரியாவுக்கு இன்னும் ரெண்டு பேர் கேட்டிருக்காங்க சார், இன்னைக்கே டோக்கன் போட்டுடுங்க’ என்று ஒரு நாள் போன் வரும். அந்த டோக்கன் பெரும்பாலும் திரும்பி வராத பணம். முழு ஒப்பந்தத்தின் நகலையும் கையில் தரச் சொல்லி, வீட்டுக்குக் கொண்டுபோய், ஒரு வழக்கறிஞரிடமும் ஒரு கணக்கரிடமும் காட்டிய பிறகே பணம் கொடுங்கள். டோக்கன் கட்டினால்தான் நகல் தருவோம் என்று சொல்லும் கம்பெனிக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.